நேராக்குவது கெரட்டின் அல்ல

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு 29 வயது, ஊர் திண்டுக்கல். அடுத்த மாதம் தம்பிக்குக் கல்யாணம். ஆன்லைனில் 1,100 ரூபாய்க்கு ஒரு கெரட்டின் ஸ்மூத்தனிங் கிட் வாங்கி வைத்திருக்கிறேன். பெட்டியில் ‘ஃபார்மால்டிஹைடு இல்லை, பாரபென் இல்லை, சல்ஃபேட் இல்லை’ என்று போட்டிருக்கிறது. நானும் தங்கச்சியும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாமா? லேபிளை போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன், எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்? மாதம் ஒரு தடவை மருதாணி வைப்பேன். தங்கச்சி போன வருஷம் வேறு ஒரு கிட் போட்டாள். அன்று ராத்திரி வாந்தி, இடுப்பு வலி. வெளியில் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டோம்.

பதில்:

தங்கச்சியைப் பற்றிக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அங்கிருந்துதான் தொடங்குவேன். அவர் போன வருஷம் போட்ட கிட் எது என்று தேடிப் பாருங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டிருந்தாலும், ஆன்லைனில் வாங்கியது என்றால் உங்கள் பழைய ஆர்டர்களில் அதன் படம் இருக்கும். பின்பக்க லேபிள் தெரிகிற படம் கிடைத்தால் இன்னும் நல்லது. அதற்குள் அருகில் இருக்கிற பரிசோதனைக்கூடத்தில், சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இரண்டு பரிசோதனை செய்துவிடுங்கள்: ரத்தத்தில் கிரியாட்டினின், அதோடு சாதாரண சிறுநீர்ப் பரிசோதனை. ஒரு வருஷம் ஆகிவிட்டது, எல்லாம் சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் பார்த்துவிட வேண்டும். அவர் இனிமேல் இந்த வகை கிட்டைத் தொடவே கூடாது. ஏன் என்பதை உங்கள் லேபிளை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். பெட்டியின் முன்பக்கம் என்னென்ன ‘இல்லை’ என்று மட்டும்தான் சொல்கிறது. சுருட்டை முடியை மாதக்கணக்கில் நேராக வைத்திருக்கிற ஏதோ ஒன்று உள்ளே இருந்தாக வேண்டும். எண்ணெய் அதைச் செய்யாது. கண்டிஷனர் செய்யாது. கெரட்டினும் செய்யாது. கெரட்டின் என்பது நம் முடி எதனால் ஆனதோ அந்தப் புரதம்; கிட்டில் போடுவது அதைத் துண்டு துண்டாக உடைத்த வடிவம். மேலே ஒரு படலமாகப் படிந்து பளபளப்புத் தரும், கொஞ்ச நாளில் தலைக்குக் குளிக்கக் குளிக்கப் போய்விடும். அதனால் எந்த லேபிளைக் கையில் எடுத்தாலும் நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இதில் வேலை செய்கிற ஆள் யார்?

உங்கள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டியல் இப்படிப் போகிறது: அக்வா, கிளையாக்ஸிலிக் ஆசிட், செட்டியரில் ஆல்கஹால், பெஹென்ட்ரைமோனியம் குளோரைடு, கிளிசரின், பர்ஃப்யூம், ஃபீனாக்ஸிஎத்தனால், ஹைட்ரலைஸ்டு கெரட்டின், ஆர்கன் எண்ணெய், கடைசியில் ஒரு நிறம்.

இதைப் படிக்க ஒரு வழி இருக்கிறது. நம் நாட்டு அழகுசாதனப் பொருள் விதிகள் 2020 படி, மூலப்பொருள்களை அதிகமாக இருப்பது முதலில், குறைவாக இருப்பது பின்னால் என்ற வரிசையில் எழுத வேண்டும். ஒரு சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருப்பவற்றை மட்டும், மற்றவற்றுக்குப் பின்னால், எந்த வரிசையில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அந்த ஒரு சதவீதக் கோடு எங்கே விழுகிறது என்று லேபிளில் போட்டிருக்காது. ஆனால் கண்டுபிடிக்கலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் என்பது கெடாமல் இருக்கச் சேர்க்கிற பொருள். அதை ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்க்கக் கூடாது என்பதுதான் வரம்பு. ஆகவே பட்டியலில் அது வந்துவிட்டால், அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் ஒரு சதவீதமோ அதற்கும் கீழோதான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் பட்டியலைத் திரும்பப் பாருங்கள். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கிற கெரட்டின் ஃபீனாக்ஸிஎத்தனாலுக்குப் பின்னால் நிற்கிறது. படத்தோடு போட்டிருக்கிற ஆர்கன் எண்ணெய் அதற்கும் பின்னால். பெட்டியின் முன்பக்கத்தில் எங்குமே பெயர் வராத கிளையாக்ஸிலிக் ஆசிட், தண்ணீருக்கு அடுத்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மெழுகு மாதிரி இருக்கிற செட்டியரில் ஆல்கஹாலுக்கும் முன்னால். (அந்த ஆல்கஹால் என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அது கிரீமைக் கெட்டியாக்குகிற கொழுப்பு வகை, முடியை வறட்டாது.) உங்கள் கிட்டில் வேலை செய்கிற ஆள் கிளையாக்ஸிலிக் ஆசிட்தான்.

இந்த ஆசிட் எப்படி இங்கே வந்தது என்றால், ஃபார்மால்டிஹைடுக்கு மாற்றாக வந்தது. ‘பிரேசிலியன்’ என்ற பெயரில் உலகமெங்கும் பரவிய முதல் தலைமுறை கெரட்டின் சிகிச்சைகளில் வேலை செய்தது ஃபார்மால்டிஹைடு. முடியின் புரத இழைகளை ஒன்றோடு ஒன்று பிணைத்து, ஸ்ட்ரெய்ட்னரின் சூட்டில் நேராக இருக்கிற நிலையிலேயே பூட்டிவிடும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பெயருக்குச் சொந்தக்கார நாடான பிரேசிலிலேயே முடியை நேராக்க ஃபார்மால்டிஹைடு போட அனுமதி கிடையாது. ஊர் ஊராக எதிர்ப்பு வந்ததும் தயாரிப்பாளர்கள் வேறு பொருளைத் தேடினார்கள். கிளையாக்ஸிலிக் ஆசிட் கிடைத்தது. ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று தாராளமாக எழுதலாம். இன்று ‘நானோபிளாஸ்டியா’, ‘ஹேர் போடாக்ஸ்’, ‘ஆர்கானிக் ஸ்மூத்தனிங்’ என்று வருகிறவற்றில் பலவற்றைத் திருப்பிப் பார்த்தால் இதே ஆசிட் இருக்கும்.

இனி சிறுநீரகத்துக்கு வருகிறேன்.

துனிசியாவில் 26 வயதுப் பெண் ஒருவர். உடம்பில் வேறு எந்த நோயும் இல்லை. 2020 ஜூனில் முடியை நேராக்கிக்கொண்டார். 2021 ஏப்ரலில் ஒரு முறை, 2022 ஜூலையில் இன்னொரு முறை. மூன்று தடவையும் அதே நாளில் வாந்தி, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், முதுகு வலி. கிரீம் வைக்கும்போது தலை எரிந்திருக்கிறது, பிறகு மண்டைத் தோலில் புண்ணும் வந்திருக்கிறது. மூன்று தடவையும் ரத்தத்தில் கிரியாட்டினின் ஏறியிருந்தது, சிறுநீரில் ரத்த அணுக்கள் இருந்தன. ஸ்கேனில் அடைப்பு எதுவும் இல்லை. மூன்று தடவையும் சில நாள்களில் சிறுநீரகம் தானாகத் தேறிவிட்டது. அந்த கிரீமில் கிளையாக்ஸிலிக் ஆசிட் 10 சதவீதம். பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் அதே கிரீமைச் சில எலிகளின் முதுகில் தடவினார்கள், வேறு சில எலிகளுக்கு வெறும் வாசலின் தடவினார்கள். கிரீம் தடவிய எலிகளின் சிறுநீரகத்தில் கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் நிறைந்திருந்தன. வாசலின் எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2024 மார்ச்சில் இது அமெரிக்காவின் முன்னணி மருத்துவ இதழ் ஒன்றில் வெளியானது. அதற்கு முந்தைய ஆண்டே இஸ்ரேலிலிருந்து 26 பேரின் விவரம் வந்திருந்தது: 2019-க்கும் 2022-க்கும் இடையில் முடியை நேராக்கிக்கொண்ட பிறகு சிறுநீரகம் திடீரெனப் பாதிக்கப்பட்டவர்கள். திசு எடுத்துப் பார்த்தவர்களில் பெரும்பாலோருக்கு அதே ஆக்ஸலேட் படிகம். சிலருக்குத் தற்காலிகமாக டயாலிசிஸ் தேவைப்பட்டிருக்கிறது.

தலையில் வைத்தது சிறுநீரகத்துக்கு எப்படிப் போகும்? மண்டைத் தோலில் ரத்த ஓட்டம் அதிகம், முடிக்கால் ஒவ்வொன்றும் ஒரு வாசல் மாதிரி. அதில் நல்ல புளிப்புள்ள ஆசிட்டை அரை மணி, முக்கால் மணி நேரம் வைத்தால் தோல் எரிந்து இன்னும் திறந்துகொள்ளும். உள்ளே போன கிளையாக்ஸிலிக் ஆசிட்டைக் கல்லீரல் ஆக்ஸலேட்டாக மாற்றுகிறது. ஆக்ஸலேட்டை உடம்பால் மேற்கொண்டு உடைக்க முடியாது. சிறுநீர் வழியாக வெளியேற்றுவது ஒன்றுதான் வழி. போகிற வழியில் கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிறது. நமக்குத் தெரிந்த சிறுநீரகக் கல்லில் பெரும்பாலானவை இதே பொருள்தான். கல் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் வளரும். இங்கே சில மணி நேரத்தில் மொத்தமாக வந்து, சிறுநீரகத்தின் மெல்லிய குழாய்களில் மணல் மாதிரி அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் ஸ்கேனில் கல் தெரியாது, வலி மட்டும் இருக்கும்.

இந்த கிட் போடுகிற எல்லோருக்கும் இப்படி ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கானோர் போடுகிறார்கள், மிகச் சிலருக்குத்தான் இது தெரிய வந்திருக்கிறது. தெரிய வந்தது குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் உங்கள் வீட்டிலேயே நடந்திருக்கிறது. வாந்தி வந்தால் நாம் சாப்பாட்டைத்தான் சந்தேகப்படுவோம். காலையில் தலையில் என்ன வைத்தோம் என்பது யாருக்கும் நினைவுக்கு வராது, மருத்துவரும் கேட்பதில்லை. உங்கள் தங்கச்சிக்கு வந்தது நிஜமாகவே புரோட்டா ஒத்துக்கொள்ளாததாகவும் இருக்கலாம். ஆனால் முடியை நேராக்கிய அன்றே வாந்தியும் இடுப்பு வலியும் சேர்ந்து வந்தால் அதை அந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அன்றே கிரியாட்டினின் பார்க்க வேண்டும், மருத்துவரிடம் பாட்டிலைக் காட்ட வேண்டும். வலிக்கிறதே என்று மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வாங்கிப் போடக் கூடாது. பாதிக்கப்பட்ட சிறுநீரகத்துக்கு அவை இரண்டாவது அடி.

‘மண்டையிலிருந்து ஒரு சென்டிமீட்டர் விட்டுத் தடவவும்’ என்று கிட்டில் போட்டிருக்குமே, அப்படிச் செய்தால் போதாதா என்று கேட்பீர்கள். கண்ணாடி முன்னால் நின்று நெற்றிப் பக்கம் அப்படித் தடவிவிடலாம். பின்னந்தலையில் கை எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியாது. வீட்டில் செய்துகொண்டு என்னிடம் வருகிறவர்களுக்குப் புண் பெரும்பாலும் காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் இருக்கும். முழங்கை மடிப்பில் தடவிப் பார்க்கிற பேட்ச் டெஸ்ட்டும் இங்கே உதவாது. அது அலர்ஜி இருக்கிறதா என்று மட்டும்தான் சொல்லும், சிறுநீரகத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது.

அதனால் அந்தப் பெயரை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். லேபிளில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கிளைகாலிக் ஆசிட் என்று இன்னொன்று உண்டு, முகத்துக்குப் போடும் சீரம்களில் வருவது. அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். பெயரின் நடுவில் ‘எக்ஸ்’ எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஜி, எல், ஒய், ஓ, எக்ஸ் என்று தொடங்கினால் அது நாம் பேசுகிற ஆள். வேறு சட்டை போட்டும் வருவார்: கிளையாக்ஸிலாயில் கார்போசிஸ்டீன், கிளையாக்ஸிலாயில் கெரட்டின் அமினோ ஆசிட்ஸ். சிஸ்டீன், அமினோ ஆசிட் என்று சத்து மாத்திரை மாதிரி கேட்கும். அங்கேயும் அதே ஐந்து எழுத்துதான் முன்னால் நிற்கும்.

ஃபார்மால்டிஹைடு போய்விட்டதா என்றால், அதுவும் முழுக்கப் போகவில்லை. ஃபார்மால்டிஹைடு ஒரு வாயு. தண்ணீரில் கரைத்தால் தண்ணீரோடு சேர்ந்து மெத்திலீன் கிளைகால் என்ற பொருளாகிவிடும். 2018-ல் மீனில் கலக்கிறார்கள் என்று ஊரே கலங்கிய ஃபார்மலின் இந்தக் கரைசல்தான். ‘எங்கள் பாட்டிலில் இருப்பது மெத்திலீன் கிளைகால், ஃபார்மால்டிஹைடு அல்ல’ என்று காகிதத்தில் வாதிடலாம். ஸ்ட்ரெய்ட்னரை வைத்ததும் தண்ணீர் ஆவியாகும், வாயு திரும்ப வெளியே வரும். 2010-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை, சலூன்களில் கண் எரிச்சல் என்று புகார் வந்ததும் சோதித்துப் பார்த்தது. ‘ஃபார்மால்டிஹைடு இல்லை’ என்று எழுதிய பாட்டில்களிலேயே சராசரியாக 8 சதவீதத்துக்கு மேல் இருந்தது. ஆகவே முன்பக்கத்து ‘இல்லை’யை நம்பி ஸ்ட்ரெய்ட்னரைச் சூடாக்காதீர்கள். பின்பக்கத்தில் ஃபார்மலின், மெத்திலீன் கிளைகால், மெத்தனடையால் என்று எது இருந்தாலும் ஒரே பொருள்தான்.

ஒருவர் என்னிடம் வந்தார், பள்ளிக்கூட ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை மதியம், ஏசி போட்ட அறை, ஜன்னல் கதவெல்லாம் சாத்தியிருக்கிறது. கிரீம் தடவி, அலசாமல் அப்படியே காயவைத்து, 230 டிகிரியில் ஒவ்வொரு கற்றையையும் பத்துப் பன்னிரண்டு தடவை இழுக்கச் சொல்லியிருக்கிறது கிட்டில் இருந்த தாள். நாலாவது கற்றையிலேயே வெள்ளைப் புகை. கண்ணில் மிளகாய்த்தூள் விழுந்த மாதிரி எரிந்தது, மூக்கு ஒழுகியது என்றார். ‘ஆரம்பித்துவிட்டோமே, பாதியில் எப்படி விடுவது’ என்று இரண்டு மணி நேரம் முழுவதையும் முடித்திருக்கிறார். கட்டிலில் படுத்திருந்த அவருடைய அம்மாவுக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. அன்று சாயங்காலம் நெபுலைசர் வைக்க வேண்டியதாகிவிட்டது. அவர் கொண்டுவந்த பாட்டிலில் இரண்டாவது வரியில் மெத்திலீன் கிளைகால் தெளிவாக அச்சாகியிருந்தது. மறைக்கக்கூட இல்லை. அவருக்கு அது என்னவென்று தெரியவில்லை, அவ்வளவுதான். கண் எரிய ஆரம்பித்தால் அதுவே சோதனையின் முடிவு. ஸ்ட்ரெய்ட்னரை அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, எல்லோரும் அறையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். தலையை நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். கிளையாக்ஸிலிக் ஆசிட்டையும் அந்தச் சூட்டில் காய்ச்சினால் கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு வெளியாகிறது என்று ஆய்வகத்தில் அளந்திருக்கிறார்கள். எனவே உங்கள் கிட்டில் உள்ள அந்த முதல் ‘இல்லை’, அறை வெப்பத்தில் மட்டும்தான் உண்மை.

இந்த இடத்தில் டிஎம்டிஎம் ஹைடான்டோயின் என்ற பெயரைப் பார்த்துப் பயந்து எழுதுகிறவர்கள் உண்டு. உங்கள் லேபிளில் அது இல்லை, இருந்தாலும் கதை வேறு. அது ஷாம்புவில்கூட வருகிற பாதுகாப்புப் பொருள். மிகச் சிறிதளவு ஃபார்மால்டிஹைடை மெதுவாக விடும். ஃபார்மால்டிஹைடு அலர்ஜி உள்ளவர்களுக்கு அரிப்பு வரும், அவர்கள் தவிர்க்க வேண்டும். முடியை நேராக்கும் அளவு அதில் கிடையாது. பாரபென் இல்லை, சல்ஃபேட் இல்லை என்பவையும் இப்படித்தான். இந்த கிட்டின் ஆபத்து எதிலிருந்து வருகிறதோ, அதற்கும் இந்த இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. வாசலில் ‘நாய் இல்லை’ என்று பலகை மாட்டிவிட்டு உள்ளே பாம்பை வளர்க்கிற மாதிரி.

மருதாணி வைப்பீர்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அது இன்னொரு வகை கிட்டுக்கு முக்கியம். இதைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறொன்றை வாங்கிவிடுவீர்களோ என்ற சந்தேகத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு டியூப் இருக்கும். முதலாவது கிரீம், இரண்டாவது நியூட்ரலைசர். பிரித்ததும் அழுகின முட்டை வாடை அடிக்கும். வேலை செய்கிற ஆள் அம்மோனியம் தயோகிளைகோலேட், சலூனில் ரீபாண்டிங் என்று சொல்வது. முடியின் உள் பிணைப்புகளையே உடைத்து, நேராக வைத்து, நியூட்ரலைசரால் மறுபடி சேர்ப்பது இதன் முறை. சிறுநீரகத்தைப் பற்றி மேலே சொன்ன கதை இதற்கு இல்லை. ஆனால் முடிக்கு இதுதான் முரட்டு ஆள். நேரம் தப்பினால் சேமியா மாதிரி கையோடு வந்துவிடும். அதிலும் சில கிட்களில் தயோவுக்குப் பதில் சோடியம் ஹைட்ராக்சைடு இருக்கும். சாக்கடை அடைப்பு நீக்கும் பொடியில் இருக்கிற அதே காரம். ஐரோப்பாவில் அதை வீட்டு உபயோகத்துக்கு 2 சதவீதம், சலூனுக்கு 4.5 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு தடவை ஹைட்ராக்சைடு போட்ட முடியில் பிறகு தயோ போட்டால், அல்லது முதலில் தயோ போட்டுவிட்டு அப்புறம் ஹைட்ராக்சைடு வைத்தால், முடி அங்கேயே முறியும். முன்பு போட்டது எது என்று தெரியாதவர்கள் எதையும் போடக் கூடாது.

மருதாணி இலையை வீட்டில் அரைத்து வைப்பவர் என்றால், நிறம் முடியின் மேல் கெட்டியாகப் படிந்திருக்கும். கிரீம் ஒரு இடத்தில் ஏறும், ஒரு இடத்தில் ஏறாது. அது பெரிய விபத்தில்லை. பாக்கெட்டில் வருகிற ‘கறுப்பு மருதாணி’ என்றால் விஷயம் வேறு. அவற்றில் சிலவற்றில் உலோக உப்புகள் கலந்திருக்கும். நியூட்ரலைசர் பெரும்பாலும் ஹைட்ரஜன் பெராக்சைடு. இரண்டும் சந்தித்தால் முடி சூடாகும், புகையும், அறுந்து விழும். சில நியூட்ரலைசரில் பெராக்சைடுக்குப் பதில் சோடியம் புரோமேட் இருக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்தப் பெயருள்ள பாட்டிலை உள்ளேயே விடாதீர்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரி இருக்கும், வாசமும் இருக்காது. குழந்தை குடித்துவிட்டால் சிறுநீரகம் செயலிழக்கும், காது நிரந்தரமாகக் கேட்காமல் போகும். பழைய மருத்துவ நூல்களிலேயே பதிவான விபத்து இது.

உங்கள் போட்டோவில் நான் கவனித்த இன்னொன்று: பாட்டிலில் உற்பத்தி உரிம எண் இல்லை. இங்கே தயாரித்தது என்றால் உரிம எண்ணும் தயாரிப்பாளர் முகவரியும் இருக்க வேண்டும். வெளிநாட்டுச் சரக்கு என்றால் இறக்குமதி செய்தவரின் முகவரியும் பதிவுச் சான்றிதழ் எண்ணும் இருக்க வேண்டும். உங்களுடையதில் பேட்ச் எண்ணும் ஒரு மின்னஞ்சல் முகவரியும்தான் இருக்கின்றன. சலூனுக்கு வருகிற ஒரு லிட்டர் பாட்டிலைப் பிரித்து, 100 மில்லி 100 மில்லியாக ஊற்றி, புது ஸ்டிக்கர் ஒட்டி விற்பதை நான் பார்த்திருக்கிறேன். அப்படி விற்பதில் அச்சான பட்டியல்கூட உள்ளே இருப்பதுதானா என்று யார் சொல்வது? உங்கள் பட்டியல் உண்மையைத்தான் சொல்கிறது என்று வைத்துக்கொண்டே இவ்வளவும் எழுதினேன்.

திருப்பி அனுப்பும் காலம் முடியவில்லை என்றால் இன்றே அனுப்பிவிடுங்கள். அனுப்புவதற்கு முன்னால் ஆறு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். உரிம எண் இல்லாத பொருளைப் பற்றி மாவட்டத்தில் இருக்கிற மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுக்கலாம், போட்டோ போதும். விற்றவர்கள் கிட்டைத் திரும்ப எடுக்க மாட்டார்கள் என்றால் அதைச் சிங்கில் கொட்டாதீர்கள். மூடியை இறுக்கி, கவரில் கட்டி, குப்பை எடுக்க வருகிறவரிடம் என்னவென்று சொல்லிக் கொடுங்கள்.

கல்யாணத்துக்கு என்ன செய்வது என்பதுதான் உங்களுக்குப் பெரிய கவலை, புரிகிறது. முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் சாயங்காலம் தலைக்குக் குளித்து, சிலிகோன் உள்ள லீவ்-ஆன் சீரம் தடவி, சலூனில் உருண்டை பிரஷ் வைத்து ப்ளோ டிரை செய்துகொள்ளுங்கள். சீரத்தில் டைமெதிகோன் அல்லது சைக்ளோபென்டாசிலாக்ஸேன் என்று இருந்தால் போதும். ஸ்ட்ரெய்ட்னர் வேண்டுமென்றால் முடி முழுக்கக் காய்ந்த பிறகு, 180 டிகிரிக்கு மேல் போகாமல், ஒரு கற்றைக்கு இரண்டு இழுப்பு. ஈரமான முடியில் வைத்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் கொதித்துக் குமிழி விடும், அந்த இடத்தில்தான் பிறகு முடி உடையும். அடுத்த தடவை தலைக்குக் குளிக்கிற வரை தாங்கும். அதற்குள் கல்யாணமும் மறுவீடும் முடிந்துவிடும்.

தங்கச்சியின் கிரியாட்டினின் 1.1-க்கு மேல் இருந்தாலோ, சிறுநீரில் புரதமோ ரத்தமோ இருந்தாலோ ரிப்போர்ட்டோடு சிறுநீரக மருத்துவரைப் பாருங்கள். போகும்போது பழைய கிட்டின் படத்தையும் எடுத்துப் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.